பர்ச்சேஸ் ரெஜிஸ்டரில் ஒரு தொகை, 2பி-யில் ஒரு தொகை: 3பி-யில் எதைப் போடுவது?

கேள்வி: மதுரையில் எலக்ட்ரிகல் பொருட்கள் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2025 மே மாதத்துக்கு டேலி பர்ச்சேஸ் ரெஜிஸ்டரில் ஐடிசி, அதாவது கொள்முதலில் கொடுத்த வரிக்கான கிரெடிட், 4,63,850 ரூபாய். ஜிஎஸ்டி போர்ட்டலில், சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து வரும் 2பி-யில் 4,68,720 ரூபாய். "நாலாயிரத்துச் சொச்சம்தானே வித்தியாசம், நம்ம கணக்கில் இருக்கிறதையே போட்டுவிடு" என்கிறார் முதலாளி. எதைப் போடுவது? இரண்டு எக்செலையும், ஒத்துப்போகாத பில்களின் நகலையும் இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் இதை எப்படிச் சரிபார்ப்பது என்றும் சொல்லுங்கள்.

பதில்:

இரண்டில் எதையும் அப்படியே போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய பில்களைப் பார்த்தால் மே மாத ரிட்டர்னான 3பி-யில் நிகர ஐடிசி 4,36,850 ரூபாய்தான் வர வேண்டும். அது ரெஜிஸ்டர் தொகையும் இல்லை, 2பி தொகையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் உள்ளதும் இல்லை. இரண்டையும்விடக் குறைவு. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உங்கள் முதலாளி பார்ப்பது 4,870 ரூபாய் வித்தியாசத்தை. அந்த எண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். உங்கள் ரெஜிஸ்டரில் இருந்தும் 2பி-யில் இல்லாதவை 31,850 ரூபாய். 2பி-யில் இருந்தும் உங்கள் மே மாத ரெஜிஸ்டரில் இல்லாதவை, கழிவு போக 36,720 ரூபாய். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 4,870 மிஞ்சுகிறது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் தற்செயலாகக் கிட்டத்தட்டச் சமமாக வந்துவிட்டதால் வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது. மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிட்டால் இது ஒருநாளும் கண்ணில் படாது. பில்லைப் பில்லோடுதான் ஒப்பிட வேண்டும்.

"நம்ம கணக்கில் இருக்கிறதைப் போடு" என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2019 அக்டோபர் முதல், சப்ளையர் ஏற்றாத பில்களுக்கும் ஓரளவு ஐடிசி எடுக்க விதி 36(4) இடம் கொடுத்தது. முதலில் 20 சதவீதம், பிறகு 10, பிறகு 5. 2022 ஜனவரி 1 முதல் அந்த இடமே இல்லை. பிரிவு 16(2)(aa) அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. சப்ளையர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இலோ ஐஎஃப்எஃப்-இலோ ஏற்றி, அது உங்கள் 2பி-யில் வந்தால்தான் கிரெடிட். அதற்காக 2பி-யில் வந்ததெல்லாம் கிரெடிட் என்று அர்த்தம் இல்லை. பில் கையில் இருக்க வேண்டும், சரக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும், பிரிவு 17(5) தடுத்த செலவாக இருக்கக் கூடாது, சப்ளையர் வரியைக் கட்டியிருக்க வேண்டும். 2பி-க்கு உங்கள் குடோனில் சரக்கு இறங்கியதா என்று தெரியாது. உங்கள் ரெஜிஸ்டருக்குச் சப்ளையர் என்ன ஏற்றினார் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை நம்முடையது.

முதலில் ஒப்பிடும் முறை. டேலியிலிருந்து ரெஜிஸ்டரை எடுக்கும்போது `Supplier Invoice No.` காலமும் சப்ளையர் பில் தேதியும் வருகிறதா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய முதல் ஷீட்டில் வவுச்சர் எண்தான் இருக்கிறது. அது நம் கடையின் உள் எண், 2பி-யில் எந்தக் காலத்திலும் வராது. பாதிப் பேர் "எதுவுமே மேட்ச் ஆகவில்லை" என்று புலம்புவது இந்த ஒரு காரணத்தால்தான்.

பார்ட்டி பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள். நீங்கள் கடைப் பெயரில் லெட்ஜர் வைத்திருப்பீர்கள், போர்ட்டலில் உரிமையாளர் பெயர் இருக்கும். ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் ஒட்டி ஒரு சாவி செய்துகொள்ளுங்கள். பில் எண்ணை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி அடிப்பார்கள் என்பதால் சாய்கோடு, சிறுகோடு, இடைவெளி மூன்றையும் நீக்கிவிட வேண்டும். ஜிஎஸ்டி எண் A காலத்திலும், பில் எண் B காலத்திலும் இருந்தால், K காலத்தில் இதைப் போடுங்கள்:

```
=A2&"|"&SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(TRIM(B2)),"/",""),"-","")," ","")
```

இரண்டு ஷீட்டிலும் காலங்களை ஒரே வரிசையில் அமைத்து இதே சாவியைப் போட்டு, மொத்த வரி H காலத்தில் இருக்கும்படி வைத்துக்கொண்டால், ரெஜிஸ்டர் ஷீட்டில் இந்த ஃபார்முலா வித்தியாசத்தைக் காட்டும்:

```
=SUMIFS('2B'!$H:$H,'2B'!$K:$K,K2)-SUMIFS($H:$H,$K:$K,K2)
```

இரு பக்கமும் `SUMIFS` போடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பில்லில் இரண்டு வரி விகிதம் இருந்தால் அது இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கும். கூட்டிப் பார்த்தால்தான் ஒத்துப்போகும். விடை பூஜ்யத்திலிருந்து இரண்டு ரூபாய்க்குள் இருந்தால் அது ரவுண்டிங், விட்டுவிடலாம். அப்புறம் இதே ஃபார்முலாவைத் திருப்பி 2பி ஷீட்டிலும் ஓட்ட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. ரெஜிஸ்டரிலிருந்து 2பி-யைத் தேடினால் விட்டுப்போன கிரெடிட்டும் தெரியாது, நம்மிடம் பதிவாகாத கிரெடிட் நோட்டும் தெரியாது.

முதல் சுற்றில் சிக்காதவற்றுக்கு இரண்டாம் சுற்று உண்டு. சப்ளையர் பில்லில் `TN/25-26/0458` என்று இருப்பதை நம் ஆள் `458` என்று அடித்திருப்பார். இதை மேலே உள்ள ஃபார்முலா பிடிக்காது. மீதமுள்ள பதிவுகளை ஜிஎஸ்டி எண், வரித் தொகை, தேதி என்ற வரிசையில் அடுக்கி, இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பாருங்கள். பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும். ஒத்துப்போனதும் டேலியில் பில் எண்ணைத் திருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஆண்டுக் கணக்கின்போது இதே வேலையைத் திரும்பச் செய்ய நேரும்.

ஒரு விஷயத்தில் நின்று கவனியுங்கள். மொத்த வரி ஒத்துப்போனாலும் வரி வகை மாறியிருக்கலாம். உங்கள் ஷீட்டில் புதுச்சேரி சப்ளையர் பில் ஒன்று இருக்கிறது. 15,000 ரூபாய் சரக்கு, வரி 2,700. டேலியில் சிஜிஎஸ்டி 1,350, எஸ்ஜிஎஸ்டி 1,350 என்று போட்டிருக்கிறீர்கள். 2பி-யில் ஐஜிஎஸ்டி 2,700. அவருடைய ஜிஎஸ்டி எண் 34-இல் தொடங்குகிறது, நம்முடையது 33. பில் நகலிலும் ஐஜிஎஸ்டிதான் இருக்கிறது, எனவே தவறு நம் பதிவில். மொத்தத்தில் ஒரு ரூபாய்கூட மாறாது, ஆனால் 3பி-யில் மூன்று காலமும் தனித்தனி. சிஜிஎஸ்டி-யில் கூடுதலாக எடுத்ததை ஐஜிஎஸ்டி-யில் குறைத்து எடுத்தேன் என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். இப்போதே திருத்திவிடுங்கள். கீழே எளிமைக்காக மூன்று வகையையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்கிறேன். நீங்கள் செய்யும்போது பிரித்தே செய்யுங்கள்.

சரி, இப்போது உங்கள் மே மாதம். இரண்டு பக்கமும் ஒத்துப்போனவை 4,32,000 ரூபாய். அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. மீதி ஏழு பதிவுகள்தான் முழுக் கதையும்.

ரெஜிஸ்டரில் இருந்து 2பி-யில் வராதவற்றில் பெரியது, கோயம்புத்தூர் சுவிட்ச்போர்டு தயாரிப்பாளரின் பில். சரக்கு 1,20,000, வரி 21,600. போர்ட்டலில் அவருடைய ஜிஎஸ்டி எண்ணைத் தேடி `Show Filing Table` அழுத்திப் பாருங்கள். முந்தைய காலங்களில் ஜிஎஸ்டிஆர்-1 காலாண்டுக்கு ஒருமுறையே தாக்கலாகியிருந்தால், அவர் ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் உள்ளவர்களுக்கான காலாண்டுத் திட்டத்தில் இருக்கிறார். இந்தத் திட்டத்தில் காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களை ஐஎஃப்எஃப் வழியாக அடுத்த மாதம் 13-க்குள் ஏற்றலாம். அது அவர் விருப்பம், கட்டாயம் இல்லை. அவர் ஏற்றவில்லை. ஜூலை 13-க்குள் காலாண்டு ஜிஎஸ்டிஆர்-1 போடும்போது இந்தப் பில் சேரும், ஜூலை 14 அன்று வரும் உங்கள் ஜூன் 2பி-யில் தெரியும். அவர் தவறு எதுவும் செய்யவில்லை, நாம்தான் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். மே மாத 3பி-யில் இந்த 21,600 கிடையாது.

அடுத்தது மதுரை பைப் கடையின் பில். சரக்கு 50,000, வரி 9,000. அவர் மாதாமாதம் தாக்கல் செய்பவர், மே ஜிஎஸ்டிஆர்-1-உம் நேரத்தில் போட்டுவிட்டார். ஆனாலும் நம் 2பி-யில் இல்லை. நீங்கள் அனுப்பிய பில் நகலைப் பாருங்கள், நம் கடைப் பெயர் இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டிய இடம் காலி. அவருடைய பில்லிங் சாப்ட்வேர் இதைச் சாதாரண வாடிக்கையாளர் விற்பனையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கும். வரியை அவர் கட்டியிருப்பார், ஆனால் நம் பெயரில் வந்திருக்காது. "நான் ஜிஎஸ்டி கட்டிவிட்டேனே" என்று அவர் சொல்வதும் உண்மை, நமக்குக் கிரெடிட் இல்லை என்பதும் உண்மை. இது தானாகச் சரியாகாது. அவர் சில்லறை விற்பனைத் தொகையிலிருந்து இதைக் குறைத்து, நம் எண்ணோடு தனிப் பில்லாக அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்ட வேண்டும். நம் ஜிஎஸ்டி எண் உள்ள சரியான பில்லும் கையில் வர வேண்டும். முதல் பில்லும் இதுவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான், இரண்டுமே 2பி-யில் வராதவை. ஆனால் ஒன்றுக்குக் காத்திருந்தால் போதும், மற்றதற்கு நாம் ஆளைப் பிடித்தாக வேண்டும். அதனால்தான் "2பி-யில் இல்லை" என்று குறிப்பதோடு நிறுத்தாமல் ஏன் இல்லை என்று பக்கத்தில் எழுதச் சொல்கிறேன்.

மூன்றாவது 1,250 ரூபாய், லாரி வாடகை 25,000-க்கு 5 சதவீதம். அந்த லாரி ஏஜென்சிக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, எனவே ரிவர்ஸ் சார்ஜில் நாம் கட்டுகிறோம். இது 2பி-யில் வரவே வராது, வர வேண்டியதும் இல்லை. 3பி-யில் 3.1(d)-இல் பொறுப்பாகக் காட்டி, கேஷ் லெட்ஜரிலிருந்து கட்டி, அதே மாதம் 4(A)(3)-இல் கிரெடிட் எடுக்கலாம். செல்ஃப் இன்வாய்ஸ் போட்டு வைத்திருங்கள். உங்கள் ரெஜிஸ்டரில் இது மற்ற கொள்முதல் வரியோடு ஒரே லெட்ஜரில் கலந்திருக்கிறது. தனி லெட்ஜருக்கு மாற்றினால் ஒவ்வொரு மாதமும் இந்தக் குழப்பம் வராது.

இப்போது எதிர்ப்பக்கம், 2பி-யில் இருந்து மே ரெஜிஸ்டரில் இல்லாதவை. இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், ஏனென்றால் போர்ட்டலே காட்டுகிறது, எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும்.

பெங்களூரு வயர் கம்பெனி பில், தேதி மே 31, சரக்கு 1,60,000, ஐஜிஎஸ்டி 28,800. லாரி நம் குடோனுக்கு வந்தது ஜூன் 3. நீங்கள் ஜூன் கணக்கில் எழுதியது சரிதான். சரக்கு கைக்கு வராமல் கிரெடிட் இல்லை என்பது பிரிவு 16(2)(b). பில் தேதி மேயாக இருந்தாலும் மே 3பி-யில் இதை அனுபவிக்கக் கூடாது. இதைச் செய்ய இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 4(A)(5)-இல் 2பி தொகையை முழுவதும் காட்டி, இந்த 28,800-ஐ 4(B)(2)-இல் திருப்பிவிடுவது. ஜூன் 3பி-யில் 4(A)(5)-இல் சேர்த்து, 4(D)(1)-இலும் காட்டித் திரும்ப எடுப்பது. இன்னொன்று, சப்ளையர் ஏற்றிய பில்களை ஏற்கவோ நிறுத்திவைக்கவோ 2024 அக்டோபரில் வந்த ஐஎம்எஸ் திரையில் அந்தப் பில்லை `Pending` என்று குறிப்பது. அப்போது அது இந்த மாத 2பி-க்கே வராது, பிறகு ஏற்கும் மாதத்தில் வரும். 14-ஆம் தேதி 2பி வந்த பிறகும் 3பி போடும்வரை இதைச் செய்யலாம், ஆனால் 2பி-யை மறுபடி கணக்கிடச் சொல்லும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் விட்டால் 3பி-யில் பழைய தொகையே நிற்கும்.

இரண்டில் எனக்கு ஐஎம்எஸ் வழிதான் பிடிக்கும். 4(B)(2)-இல் திருப்பியதை எல்லாம் போர்ட்டல் ஒரு தனிக் கணக்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. திரும்ப எடுக்கும்போது அந்த இருப்பைத் தாண்டக் கூடாது. ஒரு மாதத்தில் இப்படி ஒரு பில் என்றால் சமாளிக்கலாம். மாதக் கடைசியில் வெளிமாநில லாரிகள் நிறைய வரும் கடையில் எந்தப் பில்லைத் திருப்பினோம், எதைத் திரும்ப எடுத்தோம் என்பது சில மாதத்திலேயே கைமீறிப் போகும்.

அடுத்தது கார் இன்சூரன்ஸ். பிரீமியம் 24,000, வரி 4,320. நீங்கள் இதை வரியோடு சேர்த்துச் செலவில் எழுதியிருக்கிறீர்கள், அது சரி. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை செல்லும் பயணிகள் வாகனத்தின் இன்சூரன்ஸ், ரிப்பேர், சர்வீஸ் எல்லாவற்றையும் நம் மாதிரிக் கடைக்கு 17(5) தடுக்கிறது. ஆனால் 2பி-யில் இது கிடைக்கக்கூடிய கிரெடிட் பக்கம்தான் வந்திருக்கிறது. முதலாளியின் காரா, கடையின் சரக்கு வண்டியா என்று போர்ட்டலுக்குத் தெரியாது. சரக்கு ஏற்றும் வண்டியாக இருந்தால் கிரெடிட் உண்டு, பாலிசியில் வண்டி எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கார் என்றால் 4(A)(5)-இல் சேர்ந்தே வரட்டும், 4(B)(1)-இல் திருப்பிவிடுங்கள். 4(B)(2)-இல் போட்டுவிடாதீர்கள். (B)(1) நிரந்தரமாகப் போனது, (B)(2) பிறகு எடுக்கக்கூடியது. மாற்றிப் போட்டால், எடுக்கவே கூடாத 4,320 ரூபாய் திரும்ப எடுக்கலாம் என்ற இருப்பில் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த வருடம் வேறு யாராவது நல்லெண்ணத்தில் அதை எடுத்தும் விடுவார்கள்.

ஏப்ரல் தேதியிட்ட பில் ஒன்று, வரி 5,400. சப்ளையர் ஏப்ரல் ஜிஎஸ்டிஆர்-1-ஐ மே 11-க்குப் பிறகு தாமதமாகப் போட்டதால் மே 2பி-யில் வந்திருக்கிறது. உங்கள் ரெஜிஸ்டரில் இது ஏப்ரலிலேயே இருக்கிறது, ஏப்ரல் 3பி-யில் நீங்கள் எடுக்கவில்லை என்றும் பார்த்துவிட்டேன். எனவே இப்போது தாராளமாக எடுக்கலாம். மே ரெஜிஸ்டரை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இது "யாருடைய பில் என்றே தெரியவில்லை" என்று நிற்கும். முந்தைய மாதங்களில் நிலுவையில் உள்ள பட்டியலையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். இதே பில்லை ஏப்ரலில் ஏற்கனவே எடுத்திருந்தால் இது இரட்டைக் கிரெடிட் ஆகியிருக்கும், அந்த ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது.

கடைசியாக ஒரு கிரெடிட் நோட்டு. டார்கெட் தள்ளுபடி 10,000, வரி 1,800. சப்ளையர் ஏற்றிவிட்டார், நம் கணக்கில் இன்னும் எழுதவில்லை. தள்ளுபடி நமக்கு உரியதுதானா என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, சரி என்றால் கணக்கில் ஏற்றுங்கள். 2பி-யின் 4,68,720 ரூபாயில் இது ஏற்கனவே கழிந்திருக்கிறது, நீங்கள் மறுபடி கழிக்க வேண்டாம்.

இப்போது 3பி-யில் போடுவதைப் பாருங்கள். ஐஎம்எஸ்-இல் எதையும் தொடாமல் விட்டதாக வைத்துக்கொண்டால்:

```
4(A)(3)    1,250
4(A)(5)    4,68,720
4(B)(1)    4,320
4(B)(2)    28,800
4(C)       4,36,850
```

பெங்களூரு பில்லை `Pending`-இல் வைத்தால் 4(A)(5)-இல் 4,39,920 வரும், 4(B)(2) பூஜ்யம், 4(C) அதே 4,36,850.

இது சரிதானா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது, ஒவ்வொரு மாதமும் இதைச் செய்யாமல் 3பி-யைத் தாக்கல் செய்யாதீர்கள். மே ரெஜிஸ்டர் 4,63,850. அதில் இப்போது எழுதிய கிரெடிட் நோட்டு 1,800 கழித்தால் 4,62,050. ஏப்ரலிலிருந்து நிலுவையில் வந்த 5,400-ஐக் கூட்டினால் 4,67,450. 3பி-யில் எடுத்த 4,36,850-ஐக் கழித்தால் 30,600 மிஞ்ச வேண்டும். இந்த 30,600 என்ன என்று பில் வாரியாகச் சொல்ல முடிய வேண்டும். முடிகிறது: கோயம்புத்தூர் 21,600, பைப் கடை 9,000. கூட்டினால் சரியாக வருகிறது. ஒரு நூறு ரூபாய் இடித்தாலும் எங்கோ ஒரு பில் தப்பியிருக்கிறது என்று பொருள். டேலியில் "2பி-யில் வராத ஐடிசி" என்று தனி லெட்ஜர் வைத்து இந்த 30,600-ஐ அங்கே மாற்றிவிட்டால், மீதி ஐடிசி லெட்ஜர் இருப்பு போர்ட்டலில் உள்ள கிரெடிட் லெட்ஜரோடு நேராக ஒத்துப்போகும்.

முதலாளி சொன்னபடி 4,63,850 போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் அவரிடம் சொல்லுங்கள். 2பி-யில் இல்லாத 30,600-ஐ எடுத்திருப்போம். அதை வைத்து வரியும் கட்டிவிட்டால், பயன்படுத்திய தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு திருப்ப வேண்டும். எடுத்து லெட்ஜரில் அப்படியே வைத்திருந்தால் வட்டி இல்லை, ஆனால் உங்கள் கடையில் கிரெடிட் இருப்பு ஒவ்வொரு மாதமும் காலியாகிவிடுகிறது. இன்னொரு விஷயம், மொத்தமாக 2பி-யைவிட 3பி குறைவாக இருப்பதால் போர்ட்டல் உடனே எதுவும் கேட்டிருக்காது. 2பி-யைவிட நிர்ணயித்த அளவுக்கு மேல் கூடுதலாக எடுத்தால்தான் டிஆர்சி-01சி நோட்டீஸ் வரும், அதற்கு 7 நாளில் கட்ட வேண்டும் அல்லது காரணம் சொல்ல வேண்டும். நோட்டீஸ் வரவில்லை என்பதால் கணக்கு சரி என்று நினைக்க முடியாது. ஆடிட்டில் பில் வாரியாகப் பார்க்கும்போதுதான் வெளியே வரும், அதற்குள் வட்டி ஏறியிருக்கும்.

ஒத்துப்போன 4,32,000-ஐப் பற்றியும் இரண்டு எச்சரிக்கை. சப்ளையர் ஜிஎஸ்டிஆர்-1 போட்டாலே 2பி-யில் வந்துவிடும், ஆனால் 3பி போட்டு வரி கட்டினாரா என்பதை 2பி காட்டாது. போர்ட்டலில் கிடைக்கும் 2ஏ எக்செலில் அதற்கென்று ஒரு காலம் இருக்கிறது, வருடத்துக்கு ஓரிரு முறையாவது பாருங்கள். 2025-26 பில்களுக்கு, சப்ளையர் 2026 செப்டம்பர் 30 வரை 3பி போடவில்லை என்றால் விதி 37ஏ-படி நவம்பர் 30-க்குள் நாம் கிரெடிட்டைத் திருப்ப வேண்டும். அவர் போட்ட பிறகு மீண்டும் எடுக்கலாம். அதேபோல் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நாம் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டாலும் திருப்ப வேண்டும், கொடுத்ததும் திரும்ப எடுக்கலாம். இரண்டும் 4(B)(2)-இல் வரும்.

பைப் கடைக்காரரிடம் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் கடையில் உள்ளவர் சரி என்பார், அவருக்குக் கணக்குப் பார்ப்பவருக்குச் செய்தி போகாது. பில் எண், தேதி, சரக்கு மதிப்பு, சிஜிஎஸ்டி 4,500, எஸ்ஜிஎஸ்டி 4,500, நம் ஜிஎஸ்டி எண் எல்லாம் போட்டு, "இந்தப் பில் எங்கள் எண் இல்லாமல் சில்லறை விற்பனையாக ஏறியிருக்கிறது, ஜூன் ஜிஎஸ்டிஆர்-1-இல் எங்கள் எண்ணோடு காட்டுங்கள்" என்று பில் நகலோடு மெயிலோ வாட்ஸ்ஆப்போ அனுப்பி, அவருடைய கணக்கரின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு நாம் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்று லெட்ஜரில் தெரிகிறது. 50,000 சரக்குத் தொகையைக் கொடுத்துவிட்டு, 9,000 ரூபாயை 2பி-யில் வந்ததும் தருகிறேன் என்று அவரிடம் பேசிப் பாருங்கள், 180 நாள் கணக்கை மட்டும் மறக்காமல். அவர் ஜூலை 11-க்குள் ஏற்றினால் ஜூலை 14 அன்று கோயம்புத்தூர் பில்லோடு இதுவும் ஜூன் 2பி-யில் வந்துவிடும். 2025-26 நிதியாண்டின் பில்களுக்குக் கிரெடிட் எடுக்கக் கடைசி நாள் 2026 நவம்பர் 30, அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் போட்டால் அன்றோடு முடிந்தது. ஆண்டு ரிட்டர்ன் போடும் முன் "2பி-யில் வராத ஐடிசி" லெட்ஜரைத் திறந்து பாருங்கள். அதில் அப்போதும் நிற்கும் பில்களின் வரியைச் செலவில் எழுதலாமா, சப்ளையர் கணக்கில் பற்று வைக்கலாமா என்று முதலாளிதான் முடிவு செய்ய வேண்டும்.